பித்தளைக் குடத்தின் வயிற்றில் நானே நிற்கிறேன், படத்திலிருந்து என்னை எடுக்க வழி உண்டா?

பாத்திரக்கடைத் தங்கச்சி

கிளிநொச்சியில் அப்பாவின் பாத்திரக்கடையை நான்தான் இப்போது பார்க்கிறேன். விலைப்பட்டியலுக்காகப் பித்தளைச் சாமான்களைப் படம் எடுத்தேன். இரண்டு பக்கமும் சொஃப்ட்பொக்ஸ், நடுவில் ட்ரைபொட்டும் நானும். ஒரு பெரிய குடத்தின் வயிற்றில் நானும் கமராவும் அப்படியே தெரிகிறோம். போட்டிருந்தது நீலச் சட்டை, குடத்தில் அது அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. போதாததற்கு, உபயகாரரின் பெயர் வெட்டிய எழுத்துகள் என் உருவத்துக்கு மேலாகவே போகின்றன.

திரும்ப எடுக்க முடியாது. குடம் வற்றாப்பளைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய்விட்டது, பூசையில் இருப்பதைக் கேட்டு வாங்க முடியுமா? ஜிம்ப் 2.10 தான் வைத்திருக்கிறேன். Clone, Heal இரண்டும் செய்து பார்த்தேன். சேறு பூசின மாதிரி வந்தது, எழுத்தும் கரைந்துவிட்டது.

நகைப்படக்காரன்

நான் சங்கிலி, மோதிரம் எடுக்கிறவன். எண்ணெய்த்தாளால் நான்கு பக்கமும் மூடி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் எடுங்கள். போலரைசர் ஒன்றும் மாட்டினால் பிரதிபலிப்பே வராது.

பாத்திரக்கடைத் தங்கச்சி

நன்றி அண்ணை, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். ஆனால் இது எடுத்து முடிந்த படம்.

முறிகண்டிப் பெடியன்

சுலபம் அக்கா. குடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே? நல்லாக இருக்கிற வலது பாதியை வெட்டி, Flip பண்ணி இடது பக்கம் ஒட்டிவிடுங்கள். நான் எவர்சில்வர் ஃபிளாஸ்க் ஒன்றுக்கு அப்படித்தான் செய்தேன். ஐந்து நிமிட வேலை.

பழைய லைற்றூம்

தம்பி சொன்னது ஓரத்தில் ஒரு ஜன்னலோ லைற் ஸ்டாண்டோ விழுந்திருந்தால் சரிவரும். ஆனால் எடுப்பவர் எப்போதும் குடத்தின் நட்ட நடுவில்தான் தெரிவார், ஏனென்றால் கமராவை நேராகப் பார்க்கிற இடம் அதுதான். பாதியைத் திருப்பினால் பாதித் தங்கச்சி இரண்டு பக்கமும் வருவார். பெயரும் கண்ணாடியில் பார்த்த எழுத்தாகிவிடும். போலரைசரும் உலோகப் பளபளப்பில் அநேகமாக ஒன்றும் செய்யாது. அது தண்ணீருக்கும் கண்ணாடிக்கும்தான்.

தங்கச்சி, உங்கள் படத்தில் எழுத்து ஒரு விஷயம், நிழல் வேறு விஷயம். இரண்டையும் ஒரே லேயரில் வைத்து அழித்ததால்தான் எழுத்து கரைந்தது. முதலில் பிரியுங்கள். படத்தை இரண்டு முறை நகல் எடுங்கள். மேல் நகலுக்கு Gaussian Blur கொடுங்கள். எழுத்தின் கோடு எத்தனை பிக்சல் அகலம்?

பாத்திரக்கடைத் தங்கச்சி

ஏறக்குறைய 8. குடம் 1900 பிக்சல் அகலம், என் உருவம் நடுவில் 260 இருக்கும்.

பழைய லைற்றூம்

அப்படியானால் Size X, Size Y இரண்டுக்கும் 15 வைத்துப் பாருங்கள். எழுத்தை வாசிக்க முடியாமல் போகவேண்டும், ஆனால் நீங்கள் நிற்பது இன்னும் தெரியவேண்டும். அதுதான் அளவு. எண்ணை நம்பவேண்டாம், கண்ணை நம்புங்கள்.

பிறகு மங்கலாக்கிய அதே மேல் நகலின் Mode-ஐ Grain extract ஆக்கி, Layer > New from Visible கொடுங்கள். சாம்பல் நிறத்தில் எழுத்தும் கீறலும் மட்டும் உள்ள ஒரு லேயர் வரும். அதை Grain merge ஆக்கிவிட்டு, Grain extract போட்ட மங்கலான நகலைத் திரும்ப Normal ஆக்குங்கள். திரையில் பழைய படமே திரும்பத் தெரிந்தால் பிரித்தது சரி.

இப்போது சாம்பல் லேயருக்குக் கீழே உள்ள மங்கலான லேயருக்கு வாருங்கள். உங்கள் உருவத்தை அங்கே மேலும் மங்கலாக்கி மறைக்க நினைக்கவேண்டாம், கறுப்பு பக்கத்துக்குப் பரவுமே தவிரப் போகாது. உருவத்துக்கு இடப்பக்கம், சொஃப்ட்பொக்ஸ் வெளிச்சம் தொடங்குவதற்கு முன், சுத்தமான பித்தளை கொஞ்சம் இருக்கும். அதில் 150 பிக்சல் அகலப் பட்டை ஒன்றை, குடத்தின் கழுத்தடியிலிருந்து அடிவரை நீளமாக வெட்டி, புது லேயராக ஒட்டுங்கள். Scale கருவியால் அகலத்தை மட்டும் 320 ஆக இழுத்து உருவத்தை மூடுங்கள். மங்கலான லேயர் என்பதால் இழுத்தாலும் பழுதில்லை. வலப்பக்கத்திலும் அதே மாதிரி ஒரு பட்டை எடுத்து இதற்கு மேல் வையுங்கள். மேல் பட்டைக்கு Layer Mask போட்டு, இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு Gradient இழுங்கள். இடப்பக்க நிறம் வலப்பக்க நிறமாக மெல்ல மாறும். வெளி ஓரங்களையும் மாஸ்க்கில் மென்மையாக்குங்கள்.

முக்கியமானது, பட்டை அதே உயரத்தில் இருந்து வரவேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் குடத்தின் வயிறு தட்டையாகிவிடும். சேறு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நிறத்தைக் கையால் கலக்கவும் வேண்டாம். பித்தளையில் நிழல் சாம்பல் இல்லை, கருந்தேன் நிறம்.

சொஃப்ட்பொக்ஸ் கோடுகள் இரண்டையும் தொடாதீர்கள். அவையும் போனால் குடம் மண்பானை ஆகிவிடும்.

மல்லாவி வாசி

எங்கள் அம்மப்பாவின் படம், சட்டம் போட்டது. கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்து முகத்தில் வெள்ளை விழுந்திருக்கிறது. இதே முறை சரிவருமா?

பழைய லைற்றூம்

இல்லை ஐயா, அது வேறு கதை. குடத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை, அதனால் பக்கத்துப் பித்தளையை வைத்து மூடலாம். உங்கள் கண்ணாடிக்குப் பின்னால் முகம் இருக்கிறது. வெள்ளையாகிப் போன இடத்தில் அந்த முகம் பதிவாகவே இல்லை. சட்டம் கையில் இருந்தால் ஃப்ளாஷை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வைத்துத் திரும்ப எடுங்கள்.

பாத்திரக்கடைத் தங்கச்சி

செய்தேன் அண்ணை! நான் போய்விட்டேன். ஆனால் என் தலையைச் சுற்றியும் ட்ரைபொட் கால்கள் இருந்த இடத்திலும் மெல்லிய கோடு நிற்கிறது, பேய் மாதிரி. எழுத்தும் நடுவில் மட்டும் வெளிறித் தெரிகிறது.

பழைய லைற்றூம்

எதிர்பார்த்ததுதான். உருவத்தின் கூரான விளிம்பு மேல் லேயரில் தங்கிவிட்டது. அந்தச் சாம்பல் லேயரில் மட்டும் நின்று, Clone-ஐச் சிறிய தூரிகையில் வைத்து, எழுத்தில்லாத இடத்திலிருந்து எடுத்துக் கோட்டை மூடுங்கள். படத்தின் பொடிமணலும் கூடவே வந்துவிடும், தனியே Noise சேர்க்கத் தேவையில்லை. கோடு எழுத்தை வெட்டுகிற இடத்தில் அவசரப்படாமல் எழுத்தெழுத்தாகப் போங்கள். ஒரு எழுத்தின் கால் பழுதானால், அதே மாதிரிக் கால் உள்ள வேறு எழுத்திலிருந்து எடுத்து ஒட்டலாம்.

எழுத்து வெளிறியதற்குக் காரணம், இருட்டில் இருந்தபோது அதற்குப் பள்ளமும் மேடும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தெரிவுசெய்து, விளிம்பை 40 பிக்சல் Feather பண்ணி, சாம்பல் லேயரில் Curves-ஐ நடுப்புள்ளி நகராமல் சற்றுச் செங்குத்தாக்குங்கள். நடுப்புள்ளி நகர்ந்தால் அந்த இடம் மொத்தமாகவே வெளுக்கும் அல்லது கறுக்கும்.

சரிபார்க்க, New from Visible எடுத்து அதில் Curves-ஐ மூர்க்கமாக இழுத்துப் பாருங்கள். ஒட்டின எல்லை இருந்தால் அங்கே தெரியும். பார்த்துவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள்.

பாத்திரக்கடைத் தங்கச்சி

கோடு போய்விட்டது, பெயரும் வாசிக்கலாம். உபயகாரர் பெயரில் ஒரு "ணை" மட்டும் கொஞ்சம் கோணல், அதை விட்டுவிட்டேன். இன்னொன்று. வலப்பக்க வெளிச்சக் கோடு கழுத்துக்குக் கீழே நெளிகிறது. அதையும் நேராக்கட்டுமா?

முறிகண்டிப் பெடியன்

நேராக்குங்கள் அக்கா, Warp கருவியால் ஒரு இழுவை.

பழைய லைற்றூம்

கொஞ்சம் நில்லுங்கள். அது பிரதிபலிப்பின் பிழை இல்லை, குடத்தில் உள்ள நெளிவு. வெளிச்சக் கோடு வளைந்துதான் அதைக் காட்டுகிறது. அதை நேராக்கினால் இல்லாத குடத்தை விற்கிறீர்கள்.

நகைப்படக்காரன்

அந்தக் குடம் விற்றுப் போய்விட்டதே. வாங்கப்போகிறவருக்குப் புதுக் குடம்தான் கிடைக்கும். பட்டியல் படத்தில் நெளிவு எதற்கு?

பழைய லைற்றூம்

புதுக் குடங்களும் கையால் தட்டியவையா, அச்சில் வந்தவையா என்பதைப் பொறுத்தது அது.

பாத்திரக்கடைத் தங்கச்சி

கையால் தட்டியவைதான். ஒன்று போல ஒன்று இருக்காது. அப்பாவிடம் கேட்டேன், "நெளிவு இருக்கட்டும், உன் நிழல்தான் கூடாது" என்கிறார். அம்மா நேராக்கச் சொல்கிறா. இரண்டையும் சேமித்து வைத்திருக்கிறேன்.