கூரியர் வேலைநிறுத்தம்: வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதுவது?

மல்லிகா, செந்தூல்
வணக்கம். வீட்டிலேயே முறுக்கு, பருப்புப் பொடி, தேங்காய் பர்பி செய்து விற்கிறேன். கூரியர் ஓட்டுநர்கள் திங்கட்கிழமை முதல் வேலைநிறுத்தத்தில் இருப்பதால், அன்று காலை நான் ஒப்படைத்த 14 பொட்டலங்கள் கிடங்கில் நிற்கின்றன. இன்னும் 9 பொட்டலங்கள் வீட்டு மேசையில் கட்டியபடியே இருக்கின்றன. "ஓரிரு நாளில் வந்துவிடும், பொறுத்தருள்க" என்று எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன். இன்று வியாழன், காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். என்ன எழுதினால் சரியாக இருக்கும்?

குணா, பட்டர்வொர்த்
தேதி சொன்னதுதான் தவறு. வேலைநிறுத்தம் நம் கையில் இல்லாததால் பணம் திருப்பித் தர இயலாது என்றும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

பரிமளா, கிள்ளான்
சென்ற ஆண்டு ஈப்போவுக்கு அனுப்பிய என் பொட்டலம் காணாமலே போனது. அதற்கு இழப்பீடு கேட்க இப்போதும் வழி உண்டா?

வேணி, பிரிக்ஃபீல்ட்ஸ்
பரிமளா, அது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள்.

குணா தேதியைப் பற்றிச் சொன்னது சரி, பணத்தைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. பணத்தை வாங்கியது மல்லிகாதான், கூரியர் அல்ல. இங்கே ஒரே செய்தி பொருந்தாததற்குக் காரணம், கிடங்கில் இருப்பதை மல்லிகாவால் எடுக்க முடியாது, மேசையில் இருப்பதை எடுக்க முடியும் என்பதே. இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பொருள் எப்போது வரும் என்று சொல்லாமல், அடுத்த தகவலை எப்போது தருவீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். மேசையில் இருப்பவற்றுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அக்கா. கூரியர் வேலைநிறுத்தத்தால் உங்கள் முறுக்கு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. செந்தூலுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், காத்திருக்கலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம். எது வசதி என்று சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நிலவரத்தை மீண்டும் எழுதுகிறேன்."

இன்னொன்று: வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும்.

மல்லிகா, செந்தூல்
நன்றி அக்கா. திறந்து பார்த்தேன்; 23 பேரில் 6 பேருக்குச் செய்தி போகவே இல்லை. அவர்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மேசையில் இருந்த 9 பொட்டலங்களில் நான்கை இன்றே நேரில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடங்கில் இருப்பவற்றில் மூன்று பர்பி. இந்தச் சூட்டில் என் பர்பி நான்கு நாள் தாண்டினால் சிக்கு வாடை அடிக்கும். அதற்கு என்ன எழுதுவது?

வேணி, பிரிக்ஃபீல்ட்ஸ்
"இனி வந்து சேர்ந்தாலும் உண்ண வேண்டாம்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த மூவருக்கும் காத்திருக்கும் வழியைத் தராமல், பணத்தை இன்றே அனுப்பிவிடுங்கள்.

குணா, பட்டர்வொர்த்
பர்பிக்குச் சரி. ஆனால் கிடங்கில் உள்ள மற்ற 11 பொட்டலங்களுக்கும் பணத்தைக் கொடுத்த பிறகு அவை வந்து சேர்ந்தால், அந்தப் பணத்தை மறுபடி கேட்பதா?

மல்லிகா, செந்தூல்
எனக்கும் அதே குழப்பம்தான். பர்பிப் பணத்தை அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டு எழுதுகிறேன்.