கலைச்சொல்: மடிக்கணினிக்கு வெளியே வைக்கும் வரைகலைப் பெட்டிக்கு என்ன பெயர்?

மலர்விழி:

வணக்கம். ஒரு மேசைச்சூழலின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மெல்லிய மடிக்கணினியோடு கேபிளில் இணைக்கும் பெட்டி ஒன்று வருகிறது. உள்ளே மேசைக்கணினிக்கான வரைகலை அட்டை, அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை, ஒரு விசிறி. நம் பட்டியலில் இதற்குச் சொல் இல்லை. "வரைகலை உறை", "புற வரைகலைப் பேழை" என்று இரண்டு வைத்திருக்கிறேன்.

அதோடு ஒரு சந்தேகம். இதை இணைத்தால் மெல்லிய கணினி விளையாட்டுக் கணினியாகிவிடும் என்ற பொருளில் மூலத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படியே எழுதிவிடலாமா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் நல்லது.

பிரபு:

உறை எல்லாம் வேண்டாங்க. நான் ஜிப் வைத்த உறைக்குள் வைத்தபடியே கேம் ஆடிப் பார்த்தேன், கணினி கொதிக்கிறது. அடியில் விசிறி வைத்த பலகை வாங்கினால் போதும்.

செல்வம்:

பிரபு, அவர் கேட்பது துணி உறை இல்லை! ஆனாலும் நல்லதுதான், "உறை" என்றால் முதலில் துணிப்பைதான் நினைவுக்கு வரும் என்று தெரிந்துவிட்டது. அதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு "புற வரைகலைப் பேழை"க்கு. அந்த வரியைப் பற்றி: தண்டர்போல்ட் 3 கேபிளில் நொடிக்கு 40 கிகாபிட் போகும். மடிக்கணினியின் திரையிலேயே விளையாடினால் அட்டை வரைந்த படம் அதே கேபிளில் திரும்பி வர வேண்டும். ஆக வேகம் பாதியாகிவிடும், 20 தான் மிச்சம். வெளியே தனி மானிட்டர் வைத்து, அதைப் பெட்டியின் பின்புறம் உள்ள அட்டையில் நேராகச் செருகிவிட்டால் முழு 40-உம் கிடைக்கும். அப்படிச் செய்தால் அந்த வரி சரிதான்.

ஜெயந்தி:

செல்வம் தம்பி, வெளி மானிட்டர் வைக்கச் சொன்னது சரி. சொன்ன காரணம் சரியில்லை. அந்தக் கேபிளில் போகிற வழியும் வருகிற வழியும் தனித்தனி. படம் திரும்பி வருவதால் போகிற வழி பாதியாகக் குறையாது. 40 என்பதும் கேபிளின் மொத்தக் கணக்கு. அதில் ஒரு பங்கு திரைத் தரவுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்டர்போல்ட் 3-இல் அட்டைக்குக் கிடைப்பது சுமார் 22 கிகாபிட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 2.75 கிகாபைட். அதே அட்டையை மேசைக்கணினியில் 16 தடங்கள் உள்ள மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுமிடத்தில் வைத்தால் 15.75 கிகாபைட் வரை போகும். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

மடிக்கணினித் திரையில் ஆடும்போது வரும் இழப்பு காத்திருப்பால் வருகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் 8.3 மெகாபைட். 2.75 கிகாபைட் வழியில் அது திரும்பி வர 3 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி இருக்கிறது, இந்த 3 பெரிதாகத் தெரியாது. நொடிக்கு 144 படம் வேண்டும் என்றால் கையில் இருப்பதே 6.9 மில்லிநொடிதான். அதில் கிட்டத்தட்ட பாதி நேரம் படம் பயணத்தில் இருக்கும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருப்பதால் எண்ணிக்கை அப்படியே பாதியாகாது. ஆனால் சுட்டியை அசைத்ததற்கும் திரையில் அசைவதற்கும் இடைவெளி கூடும். சுடும் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குக் கை உடனே சொல்லிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பெட்டி வைத்திருப்பவர்கள் தெளிவுத்திறனை ஏற்றினால் இழப்பு குறைகிறது என்பார்கள். கேட்க வினோதமாக இருக்கும். தெளிவுத்திறன் ஏறும்போது அட்டை ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும், நொடிக்கு வரும் படங்கள் குறையும். செயலி ஒவ்வொரு படத்துக்கும் அனுப்ப வேண்டிய கட்டளைகளும் தரவும் நொடிக் கணக்கில் குறையும். கேபிளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

செல்வம்:

சரி அக்கா, போகிற வழி வருகிற வழி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அட்டை பெரிதாக இருந்தால் இதையெல்லாம் ஈடுகட்டாதா? 3060 போட்டு இழப்பு என்றால் 4090 போடட்டுமே.

ஜெயந்தி:

மெல்லிய கணினியில் அதுதான் நடக்காது. ஒரு கணினியை வைத்தே சொல்கிறேன்: 2017-இல் வந்த i7-8550U, நான்கு கருக்கள், 15 வாட். அதோடு பெட்டி, உள்ளே 12 கிகாபைட் நினைவகம் உள்ள RTX 3060. மானிட்டர் வெளியே. நிதானமாகச் சுற்றிவரும் ஒற்றை ஆள் விளையாட்டை 1440p-இல் ஓட்டினால் அட்டை முழு மூச்சில் வேலை செய்யும், நன்றாகவே ஆடலாம். அதே கணினியில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 திறந்தால் அட்டை பாதி வேலையோடு சும்மா நிற்கும். செயலி முதல் அரை நிமிடம் 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடிவிட்டு, பிறகு 15 வாட்டுக்குள் அடங்கிவிடும். அங்கே நீங்கள் 4090 செருகினாலும் அது சும்மா நிற்பதில் முதலிடம் வாங்கும், அவ்வளவுதான்.

ஒரு நல்லதும் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன வரைகலைப் பகுதிக்கு வேலை குறைந்துவிடுவதால் அந்தச் சூட்டுப் பங்கும் செயலிக்கே கிடைக்கும். சில கணினிகளில் இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்.

எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி: படங்களின் எண்ணிக்கையையும் செயலி, அட்டையின் சுமையையும் காட்டும் MangoHud-ஐத் திரையில் வைத்துக்கொண்டு ஒரே காட்சியை முதலில் 1080p-இலும் அப்புறம் 1440p-இலும் ஓட்டுங்கள். நொடிக்கு வரும் படங்கள் குறைந்தால் அட்டைதான் எல்லை, பெரிய அட்டை உதவும். இரண்டிலும் ஒரே எண் வந்தால் தடை செயலியில் அல்லது கேபிளில். ஏதாவது ஒரு கரு 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் செயலி. அட்டையும் சும்மா, எந்தக் கருவும் நிரம்பவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

அட்டை வாங்கும்போது அதன் நினைவகத்தைப் பாருங்கள். 4 கிகாபைட் அட்டையில் இடம் போதாமல் போனால் விளையாட்டு கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து படத்துண்டுகளைக் கேபிள் வழியே இழுக்கத் தொடங்கும். மேசைக்கணினியில் லேசான தடுமாற்றமாக இருப்பது இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஓடும்.

நஸீரா:

என்னிடம் ஒரு பெட்டி இருக்கு. லினக்ஸில் இப்படித்தான் பார்க்கிறேன்:

```
boltctl list
boltctl enroll <uuid>
prime-run glxinfo | grep renderer
```

முதல் கட்டளையில் `40 Gb/s = 2 lanes * 20 Gb/s` என்று வருது. அப்ப கேபிளில் பிரச்சினை இல்லைதானே? ஆனாலும் 1080p-இலும் 1440p-இலும் எனக்கு ஒரே எண்தான், கருக்களும் நிரம்பவில்லை.

ஜெயந்தி:

நஸீரா, அந்த வரி கேபிள் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமான சாதாரண கேபிள் போட்டவர்களுக்கு அங்கேயே 20 என்று காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு அது சரி. ஆனால் கணினிக்குள் தாய்ப்பலகையிலிருந்து அந்தத் துளைக்கு எத்தனை தடங்கள் இழுத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. சில மெல்லிய கணினிகளில் நான்குக்குப் பதில் இரண்டு தடங்கள்தான். வெளியே பார்த்தால் அதே மின்னல் குறி, அதே 40. உள்ளே மூன்றாம் தலைமுறையில் இரண்டு தடம் என்றால் 16 கிகாபிட், நொடிக்கு 2 கிகாபைட்டுக்கும் கீழே. உண்மையாகத் தரவை அனுப்பிப் பாருங்கள்:

```
clpeak --transfer-bandwidth
```

`enqueueWriteBuffer` வரியில் இரண்டரை அளவில் வந்தால் நான்கு தடம். ஒன்றரையை ஒட்டி வந்தால் இரண்டு தடம். அதற்கு மருந்து கிடையாது. `lspci` காட்டும் வேகத்தை நம்பாதீர்கள், தண்டர்போல்ட் வழியே போகும்போது அது 2.5GT/s என்று தப்பாகச் சொல்லும்.

பிரபு:

இப்போது புரிந்தது, மன்னிக்கவும். என் கணினியில் டைப்-சி துளை இருக்கிறது. சார்ஜ் ஏறும், டிவிக்கும் படம் போகும். பெட்டி வாங்கிச் செருகலாமா?

நஸீரா:

பிரபு, துளையின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சார்ஜும் படமும் போகும் எல்லாத் துளையிலும் அட்டை வேலை செய்யாது. தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 என்று கணினியின் விவரப் பட்டியலில் இருக்கணும். யூஎஸ்பி4 கணினியிலும் அட்டைக்கான வழி கட்டாயம் இல்லை, அதையும் கேட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. ஆப்பிள் என்றால் இன்டெல் செயலி உள்ளதில் மட்டும், ஆப்பிளின் சொந்தச் செயலி உள்ளவற்றில் ஆதரவே இல்லை.

ஜெயந்தி அக்கா, ஓட்டிப் பார்த்தேன். 1.5 வருது.

ஜெயந்தி:

அப்படியென்றால் இரண்டு தடம்தான். வெளி மானிட்டர், 1440p, நொடிக்கு 60 என்று பூட்டி ஆடுங்கள், அதற்குள் சமாளிக்கும்.

மலர்விழி, உங்கள் வரிக்கு என் பதில்: அப்படி எழுதாதீர்கள். ஏற்கெனவே நல்ல மடிக்கணினி இருந்து, மேசையில் மானிட்டரும் இருந்து, பழைய அட்டை ஒன்றும் கையில் இருந்தால் பெட்டி நியாயமான செலவு. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்றால், பெட்டிக்கும் அதன் பவர் சப்ளைக்கும் கொடுக்கும் காசு ஒரு மேசைக்கணினியின் பலகைக்கும் செயலிக்கும் பெரும்பங்கு ஆகிவிடும். அதில் அதே அட்டை 16 தடத்தில் ஓடும். தண்டர்போல்ட் 5-இல் அட்டையின் வழி 64 கிகாபிட்டாக ஏறியிருக்கிறது, அங்கே இழப்பு குறையும். செயலியின் கதை அங்கேயும் அதேதான்.

மலர்விழி:

நன்றி அக்கா. அந்த வரியை "வெளி மானிட்டரோடு பயன்படுத்தினால் பல விளையாட்டுகளை ஓட்டலாம், வேகம் கணினியின் செயலியையும் துளையையும் பொறுத்தது" என்று மாற்றி, மூலத்தையும் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

சொல்லுக்கு வருவோம். "பேழை" போடலாமா?

செல்வம்:

நான் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டேன்.

நஸீரா:

பேழை என்றால் மூடி இருக்கணும். என்னுடையதுக்கு மூடியே இல்லை. ஒரு தகடு, அதில் செருகுமிடம், பக்கத்தில் பவர் சப்ளை, அட்டை வெளியே நிற்கும். தண்டர்போல்ட்டுக்குப் பதில் ஆக்யூலிங்க் கேபிளில் இணைக்கும் வகையில் வருவதும் நிறைய இப்படித்தான். பேழை என்று எழுதினால் என்னுடையது என்ன என்று பயனர் குழம்புவார்.

ஜெயந்தி:

நஸீரா சொல்வது பொருட்படுத்த வேண்டியது. அட்டையை உள்ளேயே பதித்து விற்கும் பெட்டிகளும் உண்டு, அவற்றில் அட்டையை மாற்ற வழியில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது கணினிக்கு வெளியே அட்டைக்கு இடமும் மின்சாரமும் தருவது. "வரைகலைப் புறக்கூடு" என்றால் மூடியதும் திறந்ததும் அதில் அடங்கும். மூடியில்லாததைத் "திறந்த புறக்கூடு" என்று பிரித்துக்கொள்ளலாம்.

செல்வம்:

கூடு என்றால் வெறும் கூடாகத் தோன்றாதா? அட்டையோடு சேர்த்துச் சொல்லும்போது இடிக்கும். எனக்கு இன்னும் பேழைதான். முடியவில்லை என்றால் ஈஜிபியு என்றே எழுதிவிடலாம், விளையாடுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மலர்விழி:

பெட்டிக்கு மட்டும் "வரைகலைப் புறக்கூடு", அட்டையோடு சேர்ந்த முழு அமைப்புக்கு "புற வரைகலை" என்று இப்போதைக்குக் கோப்பில் ஏற்றுகிறேன். தேடுகிறவர்களுக்காக ஈஜிபியு என்பதைக் குறிச்சொல்லாக வைக்கிறேன். செல்வம் அண்ணாவின் எதிர்ப்பைக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

ஒரு சரம் மட்டும் மிச்சம் இருக்கிறது. கேபிளைப் பிடுங்கும் முன் காட்டும் எச்சரிக்கை அது. தண்டர்போல்ட் என்றால் "விளையாட்டை மூடிவிட்டுத் துண்டிக்கவும்" என்று எழுதலாம். ஆக்யூலிங்க் என்றால் கணினியையே அணைக்கச் சொல்ல வேண்டுமா, நஸீரா?

நஸீரா:

ஓம், அணைக்கத்தான் வேணும். ஓடும்போது கழற்றி மாட்டலாம் என்று அதை நம்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சரம் போடாதீங்க, தனித்தனியா வையுங்க.