96-உம் 58-உம் ஒரே நிறத்தில்: மாவட்ட விற்பனையை மேப்பில் போட்ட அனுபவம்

மாத_அறிக்கை
ஆறு மாத விற்பனையை 24 மாவட்டங்களுக்கும் பிரித்து அறிக்கை கேட்டார்கள். மாவட்டம் என்றதும் மேப்தானே என்று வேறெதையும் யோசிக்கவில்லை. விற்பனை கூடக் கூட நீலம் அடர்ந்துகொண்டே போகும்படி ஐந்து நிறப்படிகளில் போட்டேன். கூட்டத்தில் மேலாளர் படத்தைப் பார்த்ததுமே, "வடக்கே இருக்கிற இந்தப் பெரிய மாவட்டம்தான் முதலிடமா?" என்று கேட்டார். அது 58 லட்சத்தோடு ஐந்தாவது இடத்தில் இருந்த மாவட்டம். 96 லட்சத்துக்கு விற்ற நகர மாவட்டம் படத்தில் கடுகளவு இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

அப்புறம் நிறப்படிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் மாவட்டங்கள் விழும்படி மென்பொருளே வெட்டி வைத்திருந்தது. அதனால் முதல் ஐந்து மாவட்டங்களும் ஒரே கருநீலம். 96-க்கும் 58-க்கும் உள்ள 38 லட்சம் காணாமல் போய், 58-க்கும் ஆறாவதாக வந்த 56-க்கும் நடுவில் நிறம் மாறியிருந்தது!

அதே எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, படுக்கை பார் சார்ட்டாகப் போட்டேன். மாவட்டப் பெயர்கள் நீளம் என்பதால் நிற்கும் பட்டைகளில் எழுத்து சாய்ந்துவிடும். படுக்கையில் நேராக வாசிக்கலாம். அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. முதல் பட்டை மற்றவற்றைத் தாண்டி எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேப்பை அறிக்கையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

தலைக்கு_எவ்வளவு
தப்பு மேப்பில் இல்லைங்க, எண்ணில் இருக்கிறது. மொத்த விற்பனையை அப்படியே நிறமாக்கக் கூடாது. மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் மேப் சரியாகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

நிலப்படம்
வகுக்க வேண்டும் என்பது சரி, ஆனால் அதோடு முடிந்துவிடாது. வகுத்த பிறகும் பெரிய மாவட்டம் பெரிதாகத்தான் தெரியும். இன்னொன்று, ஆட்கள் குறைவான மாவட்டத்தில் ஒரே ஒரு மொத்த வாடிக்கையாளர் வாங்கினாலே தலைக்கு விற்பனை உச்சிக்குப் போய்விடும். எனக்கு அது நடந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளர் விலகிய மாதமே மாவட்டம் வெளிறிப்போனது. மொத்தத் தொகையை மேப்பில் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நிறம் தீட்டாமல், மாவட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டு அதன் பரப்பை விற்பனைக்குத் தக்கபடி வையுங்கள். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும், அதில் கவனம்.

ஆனால் மேப்பைத் தூக்கி எறிந்தீர்களே, அதில்தான் எனக்கு மனமில்லை. என் அறிக்கை ஒன்றில் பார் சார்ட்டில் 15, 19, 20, 23-ஆம் இடங்களில் சிதறிக் கிடந்த நான்கு மாவட்டங்கள், மேப்பில் ஒன்றையொன்று ஒட்டி ஒரே ஓரமாக இருந்தன. விசாரித்தால் நான்குக்கும் சரக்கு ஒரே கிடங்கிலிருந்து போகிறது, வண்டி வாரத்துக்கு ஒரு முறைதான். பட்டைகளை எத்தனை நாள் பார்த்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது. அந்த மேப்பில் இருந்தது கடைக்குச் சராசரி விற்பனை, மொத்தம் அல்ல.

புதியவள்
எனக்கு மேப்பில் ஒரு மாவட்டம் மட்டும் வெள்ளையாக வருகிறது. அங்கே நன்றாகவே விற்பனை இருக்கிறது. பார் சார்ட்டுக்கு மாறினால் சரியாகிவிடுமா?

நிலப்படம்
மாறினால் தெரியாமல் போகும், அவ்வளவுதான். உங்கள் விற்பனைக் கோப்பிலும் எல்லைக் கோப்பிலும் அந்த மாவட்டத்தின் பெயர் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும், அல்லது பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். மாவட்டம் சமீபத்தில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய எல்லைக் கோப்பில் புதியது இருக்கவே இருக்காது. பெயரை விட்டு மாவட்டக் குறியீட்டு எண்ணால் இணைத்துப் பாருங்கள். தகவலே வராத மாவட்டத்துக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். வெள்ளையாக விட்டால் விற்பனையே இல்லை என்று படிப்பார்கள்.

களப்பணி
அறிக்கையைக் கையில் வாங்குகிறவன் பக்கமிருந்து சொல்கிறேன். எனக்கு மூன்று மாவட்டங்கள். இலக்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு, போன வருடம் எவ்வளவு, இவ்வளவுதான் நான் தேடுவது. நிறத்தைப் பார்த்து 41.6-ஆ 43.2-ஆ என்று சொல்ல முடியுமா? அட்டவணை கொடுங்கள், அதுவும் அகர வரிசையில். விற்பனை வரிசையில் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் என் மாவட்டம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, விரலை வைத்துத் தேடுகிறேன்.

மாத_அறிக்கை
களப்பணி சொன்னதும்தான் புரிகிறது, என் அறிக்கையில் அட்டவணையே இல்லை. அடுத்த முறை முதல் பக்கத்தில் பார் சார்ட், கடைசியில் அகர வரிசை அட்டவணை வைக்கிறேன். நிலப்படம் சொன்னபடி கடைக்குச் சராசரியை மேப்பில் போட்டுப் பார்த்தேன். தெற்கே மூன்று மாவட்டங்கள் சேர்ந்து வெளிறித் தெரிகின்றன. அவற்றில் இரண்டில் நாங்கள் கடை திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதனால் இது உண்மையா என்று நம்ப முடியவில்லை.

தலைக்கு_எவ்வளவு
மாதச் சராசரியாக்கிப் பாருங்கள், திறந்த கடைக்கு எத்தனை மாதமோ அத்தனையால் வகுத்து.

நிலப்படம்
புதுக் கடைக்கு முதல் மாதங்கள் எப்படியும் மந்தம்தான், வகுத்தாலும் அது போகாது. இரண்டையும் சாம்பலாக விடுவேன். மூன்றாவது பழைய கடைகள் உள்ள மாவட்டம்தானே? அங்கே சரக்கு எங்கிருந்து வருகிறது?