காலி மனை போட்டோவில் மரம் வைத்தேன்: பின்னால் சரி, முன்னால் செடி குட்டை. எங்கே தப்பு?

ராயக்கோட்டை ரோடு: கிருஷ்ணகிரிக்கு வெளியே 40-க்கு 60 மனை. மரம் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்ட்டிக்குக் காட்ட வேண்டும். நின்றபடி எடுத்த போட்டோ, கேமரா 5 அடி உயரம். பின் வேலி ஓரம் 15 அடி மாமரம் இரண்டு, முன்னால் 3 அடி அரளி. சமதரையில் தொடுவானம் கேமரா உயரத்திலேயே நிற்கும் என்பதால், செடியின் அடியிலிருந்து தொடுவானம் வரை 5 அடி என்ற கணக்கில்தான் ஒட்டினேன். மாமரம் 1440 பிக்சல் வந்தது. "இது மாமரமா, ஆலமரமா?" என்றார் பார்ட்டி. போட்டோஷாப்பில் எல்லா லேயரையும் பிடித்து Ctrl+T-யில் 50% ஆக்கினேன். மாமரம் சரியாகிவிட்டது, அரளி முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

பழைய லேஅவுட்: ஓரமாக ஒரு ஆள் படத்தை நிறுத்தி, அதை வைத்து எல்லாவற்றையும் அளந்துகொள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

போச்சம்பள்ளி தோட்டம்: தம்பி, வேலி ஓரமாக மாமரம் வைக்காதீங்க. எங்கள் தோட்டத்தில் மரத்துக்கு மரம் 30 அடி விட்டிருக்கிறோம், அப்படியும் கிளை உரசுகிறது.

ராயக்கோட்டை ரோடு: ஐயா, இது போட்டோவில் மட்டும்தான் :)

கல்லுக்கால்: ஆள் படம் சரிதான், ஆனால் அந்த ஆள் நிற்கும் தூரத்தில் உள்ளதற்கு மட்டும். அது கிடக்கட்டும், தொடுவானம் என்று எதை எடுத்தீர்கள்?

ராயக்கோட்டை ரோடு: வானம் முடிகிற இடம். பின்னால் மலை உச்சி.

கல்லுக்கால்: அதுதான் கோளாறு. மலை தொடுவானத்தை மறைத்துக்கொண்டு மேலே நிற்கிறது. நம் பக்கம் எந்தப் போட்டோவிலும் இதே தொல்லை. பின் வேலியில் கல்லுக்கால் இருக்கிறதா? மண்ணுக்கு மேல் 5 அடி என்றால், அதன் தலைமட்டம்தான் உங்கள் தொடுவானம். அடியிலிருந்து தலை வரை எத்தனை பிக்சல்?

ராயக்கோட்டை ரோடு: டேப் வைத்துப் பார்த்தது, 5 அடிதான். 240 பிக்சல்.

கல்லுக்கால்: அப்போது அங்கே அடிக்கு 48, மாமரம் 720. நீங்கள் தொடுவானத்தை 240 பிக்சல் மேலே வைத்ததால் அங்கே எல்லாம் இரண்டு மடங்கு ஆனது. அரளியின் அடி சரியான தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே?

ராயக்கோட்டை ரோடு: 600.

கல்லுக்கால்: அடிக்கு 120, மூன்றடிக்கு 360. நீங்கள் முதலில் 840 என்று கொண்டு 504 வைத்திருப்பீர்கள். அதாவது 1.4 மடங்குதான் தப்பு. பாதியாக்கியதும் 252, இரண்டடிச் செடி. பிழை தூரத்துக்குத் தூரம் மாறுவதால், மொத்தமாகக் குறைத்தால் ஒரு இடம்தான் சரியாகும். ஒவ்வொன்றையும் அதனதன் அடியிலிருந்து அளவு போடுங்கள். Ctrl+T-யில் நடுப்புள்ளியை அடிமரத்துக்கு இழுத்துவிட்டு, Alt-ஐ அழுத்தியபடி சுருக்கினால் மரம் அந்தரத்தில் தூக்காது.

ராயக்கோட்டை ரோடு: 720, 360 வைத்தேன், உட்கார்ந்துவிட்டது. ஆனால் வலது மூலையில் தரை இரண்டடி மேடு. அங்கே அரளி பொம்மை மாதிரி தெரிகிறது.

கல்லுக்கால்: மேட்டில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே உள்ள கல்லுக்காலையே அளவுகோலாக வையுங்கள். கால் இல்லாத நடு மேட்டுக்கு நான் இன்னும் கண்ணால்தான் பார்க்கிறேன், வேறு வழி யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய லேஅவுட்: அங்கே என் ஆளை நிறுத்தலாமே!