புது மெஷின் கணக்கில் நான் விட்ட பத்து லட்சம்

ஷாஃப்ட் கடைகிறவன்:
கோவையில் சின்ன மெஷின் ஷாப், பிரைவேட் லிமிடெட். ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். இதுவரை ரவுண்டு பாரை அவர்களே அனுப்புவார்கள், எங்களுக்குக் கூலி மட்டும். போன மாதம் கூப்பிட்டு, இனிமேல் பாரையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், ஐந்து வருடத்துக்கு ஆர்டர் தருகிறோம் என்றார்கள். அதற்கு 40 லட்சத்தில் ஒரு சி.என்.சி. வாங்க வேண்டும்.

எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன். கூலி, கரண்ட், டூல் எல்லாம் போக வருடத்துக்கு 13 லட்சம் மிஞ்சும். நாங்கள் 25.168 சதவீத வரியில் இருக்கிறோம், வரி போனால் கையில் 9.73 லட்சம். தேய்மானத்தை ஐந்தால் வகுத்து வருடம் 8 லட்சம் போட்டேன், அதனால் மிச்சமாகும் வரி 2.01 லட்சம். கடைசியில் மெஷின் 12 லட்சத்துக்குப் போகும், அதற்கும் வரி கழித்தாயிற்று. 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் போட்ட 40 லட்சம் போக 7.42 லட்சம் மிச்சம். சந்தோஷமாக அப்பாவிடம் காட்டினேன்.

அவர் எட்டாவது வரைதான் படித்தவர். "பாருக்குக் காசு யாரு குடுப்பாங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஸ்டீல் கடைக்காரருக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும், பம்ப் கம்பெனி 90 நாள் கழித்துத்தான் தரும். எழுதிப் பார்த்தால் எப்போதும் சுமார் 10 லட்சம் வெளியே கிடக்கும். கடைசியில் திரும்பி வந்துவிடுகிற பணம்தானே, அதை ஏன் எழுத வேண்டும் என்று விட்டிருந்தேன். ஐந்து வருடம் கழித்து வரும் 10 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 5.67 லட்சம்தான். பைசா குறையாமல் திரும்பினாலும் 4.33 லட்சம் போச்சு. 7.42 என்பது 3.10 ஆகிவிட்டது. இந்த மாதிரி வேறு யாராவது மாட்டினீர்களா?

இன்டர் மாணவன்:
அண்ணா, தேய்மானமும் தப்பு. வருமான வரியில் மெஷினுக்கு 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மேல். முதல் வருடம் 6 லட்சம், அடுத்து 5.10, அப்புறம் 4.34, நாலாவது 3.69. மீதி 20.88 லட்சம். அதை 12 லட்சத்துக்கு விற்றால் 8.88 லட்சம் நட்டம், அதை அந்த வருட லாபத்தில் மொத்தமாகக் கழித்துக்கொண்டால் 2.23 லட்சம் வரி மிச்சம். எனக்கு விடை 2.56 லட்சம் வருகிறது.

ஆடிட் ஆபீஸ்காரர்:
முதல் பாதி சரி தம்பி, நட்டம்தான் சரியில்லை. பரீட்சையில் அந்த வழி ஓடும், நிஜத்தில் இந்த மெஷினுக்குத் தனிக் கணக்கே கிடையாது. அவர் பட்டறையில் இருக்கிற மற்ற லேத்துகளோடு ஒரே பிளாக்கில் சேர்ந்துவிடும். விற்ற 12 லட்சத்தை அந்த பிளாக்கிலிருந்து கழிப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் 8.88 லட்சம் பிளாக்குக்குள்ளேயே கிடந்து, மெஷின் போன பிறகும் வருடா வருடம் 15 சதவீதமாகக் கரையும். அந்த வருடம் கிடைக்கும் வரி மிச்சம் 34 ஆயிரம்கூடத் தாண்டாது. மீதி சொட்டுச் சொட்டாக வரும், அதன் மதிப்பு இன்றைக்கு 60 ஆயிரம்.

பிளாக்கில் வேறு மெஷினே இல்லாமல் காலியானால் நட்டம் வரும். ஆனால் அது குறுகிய கால மூலதன நட்டம், தொழில் லாபத்தில் கழிக்க முடியாது. இன்னொரு பக்கம், அண்ணன் 12 லட்சத்துக்குக் கழித்த வரியும் தேவையில்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 2.08 லட்சம். ஒன்று கேட்கிறேன், மெஷின் எப்போது ஓட ஆரம்பிக்கும்?

ஷாஃப்ட் கடைகிறவன்:
பில் செப்டம்பரில் வந்துவிடும் சார். ஃபவுண்டேஷன், கரண்ட் லோடு எல்லாம் முடிய நவம்பர் ஆகும்.

ஆடிட் ஆபீஸ்காரர்:
பில் தேதியை வைத்து ஒன்றுமில்லை, உபயோகத்துக்கு வந்த தேதிதான் கணக்கு. மார்ச் 31-க்குள் 180 நாள் ஆகாவிட்டால் முதல் வருடம் பாதி, அதாவது 7.5 சதவீதம்தான். பயப்பட வேண்டாம், விட்டது பிளாக்கில் இருந்து பின்னால் வரும். உங்கள் கணக்கில் 30 ஆயிரம் குறையும், அவ்வளவே.

திருப்பூர் சிசி:
எனக்குப் புரியவில்லை. பாங்கில் சிசி லிமிட் இருக்கிறதே, அந்த 10 லட்சத்தை அவன்தானே தருகிறான்? கைக்காசு போகாதபோது எதற்கு எழுத வேண்டும்? நான் நிட்டிங் மெஷின் போட்டபோது எழுதவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆடிட் ஆபீஸ்காரர்:
ஓடுவதும் போட்ட பணத்துக்குக் கூலி கிடைப்பதும் வேறு வேறு அண்ணே. பாங்க் முழுசாகத் தராது, மார்ஜின் உங்களுடையது. மெஷினுக்கும்தான் லோன் வாங்குவீர்கள், அதற்காக 40 லட்சத்தை எழுதாமல் விடுவீர்களா? பணம் எங்கிருந்து வந்தாலும் அதற்கான விலை அந்த 12 சதவீதத்திலேயே இருக்கிறது.

திருப்பூர் சிசி:
சிசி வட்டி 12 இல்லையே, அதைவிடக் குறைவு. அதற்கு மட்டும் வேறு சதவீதம் போட வேண்டாமா?

ஆடிட் ஆபீஸ்காரர்:
அது நியாயமான கேள்விதான். எங்கள் ஆபீஸிலேயே ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் போடுகிறார்கள்.

பழைய டர்னர்:
நான் இதே வேலையை ஆறு வருடம் செய்து முடித்தவன். 10 லட்சம் முழுசாகத் திரும்பும் என்று எழுதாதீர்கள் தம்பி. ஆர்டர் நின்ற மாதம் கடைசி பில்லில் ரிஜெக்ஷன் என்று சொல்லி ஒரு பங்கை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆர்டர் கையில் இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஷெட்டில் கிடந்த பார் அவர்கள் கேட்ட சைஸ், வேறு யாருக்கும் ஆகாது, ஸ்கிராப் விலைக்குத்தான் போனது. எனக்கு பத்துக்கு ஏழுதான் வந்தது.

ஷாஃப்ட் கடைகிறவன்:
ஏழு போட்டுப் பார்த்தேன் அண்ணே. போன மூணு லட்சத்தையும் செலவாகக் காட்டி வரி குறைத்த பிறகே 2.08 என்பது 0.80 ஆகிறது. நவம்பர் கணக்கும் சேர்ந்தால் அரை லட்சம்.

ஓசூர் புதுசு:
உங்களுக்காவது பழைய லாபம் இருக்கிறது. நாங்கள் புதுக் கம்பெனி, முதல் மூணு வருடமும் நட்டம். தேய்மானத்தால் வரி மிச்சம் என்று ஷீட்டில் அழகாக எழுதினோம், வரியே கட்டாதவனுக்கு எதில் மிச்சம்? கழிக்காத தேய்மானத்தை எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று ஆடிட்டர் ஆறுதல் சொன்னார். உண்மைதான், நாலாவது வருடம் உதவியது. ஆனால் அதற்குள் ஈ.எம்.ஐ. கட்ட சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிவிட்டோம்.

இன்டர் மாணவன்:
அண்ணா, 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் போடலாமே? தயாரிப்புத் தொழில்தானே?

ஆடிட் ஆபீஸ்காரர்:
25.168-க்குப் போன கம்பெனிக்கு அது கிடையாது. பழைய வரியிலேயே இருப்பவர்களும் பார்ட்னர்ஷிப்காரர்களும் கேட்கலாம், அவர்கள் கணக்கு வேறு மாதிரி வரும்.

ஷாஃப்ட் கடைகிறவன்:
இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் விலையைக் கூட்ட மாட்டார்கள், கேட்டுப் பார்த்தாயிற்று. 90 நாளை 60 ஆக்குங்கள் என்று இன்று கேட்டிருக்கிறேன். வெளியே நிற்கிற பணத்தில் ஒவ்வொரு லட்சம் குறைந்தாலும் 43 ஆயிரம் எனக்கு. பர்ச்சேஸ் மேனேஜர் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார். கடைசி பார் ஸ்டாக்கை அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார் அப்பா, அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.