√2 நிரூபணம்: ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுத உதவி தேவை

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு நடத்திய நிரூபண ஸ்லைடுகளை, இடப்பக்கம் படி, வலப்பக்கம் காரணம் என்று இரண்டு பத்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். √2 விகிதமுறா எண் என்பதில் மாட்டிக்கொண்டேன்.

ஸ்லைடில் இருப்பது இவ்வளவுதான்:

```
√2 = a/b
a² = 2b²
∴ a இரட்டை, a = 2k
4k² = 2b²
∴ b இரட்டை. முரண்பாடு.
```

நேரில் நடத்தும்போது இடைவெளிகளை வாயால் நிரப்பிவிடுவோம், தாளில் அது முடியாது. முதல் வரியில் a, b சார்பகா எண்கள் என்ற எடுகோளே இல்லை. அது இல்லாமல் கடைசி வரியில் எதற்கு முரண்பாடு? அதை 1-ஆம் படியில் சேர்த்து, கடைசிப் படியின் காரணமாக "படி 1-க்கு முரண்" என்று எழுதிவிட்டேன்.

சிக்கல் மூன்றாவது வரியில்தான். a² இரட்டை என்றால் a-யும் இரட்டை என்பதற்கு என்ன காரணம் எழுதுவது? "2 பகா எண், அது a²-ஐ வகுத்தால் a-ஐயும் வகுக்கும்" என்று தேற்றத்தைச் சொல்லலாம். அல்லது a = 2m+1 எனில் a² = 2(2m²+2m)+1, அதாவது ஒற்றை என்று தனியாகக் காட்டலாம். "பகா" என்ற சொல்லை விட எனக்கு மனமில்லை. அதை விட்டால் √4-க்கும் இதே நிரூபணத்தைப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். 4 என்பது 2²-ஐ வகுக்கும், 2-ஐ வகுக்காது.

நீங்கள் இதைத் துணைத்தேற்றமாக முன்னாலேயே வைப்பீர்களா, காரணப் பத்திக்குள்ளேயே எழுதுவீர்களா? இப்படி மாற்றிய தாள் யாரிடமாவது இருந்தால் ஒரு பக்கம் பகிருங்களேன்.