புதுப்பிப்பு: பொது ஸ்பீக்கரில் யாருடைய இசைக் கணக்கு?

முன்பு கேட்டது: "வீட்டில் மூவருக்கும் வெவ்வேறு இசைச் சேவை, குரலால் இயக்கும் ஒரே கூகுள் ஸ்பீக்கரில் எதை இயல்புநிலையாக வைப்பது?"

கூகுள் ஹோம் செயலியில் ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியிலிருந்து Voice Match-இல் குரலைப் பதிந்து, தமக்குரிய சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இங்கு ஒருவர் விளக்கியபடியே செய்தோம். இப்போது குரல் கொடுப்பவரின் கணக்கிலிருந்தே பாட்டு வருகிறது. இசைச் சேவையின் குடும்பத் திட்டம் வாங்கினாலே போதும் என்று இங்கு வந்த கருத்து பாதிதான் பொருந்துகிறது: அது தனித்தனிக் கணக்குகளைத் தருமே தவிர, பேசுபவர் யாரென்று ஸ்பீக்கருக்குச் சொல்லாது. கார் ப்ளூடூத்தில் யாருடைய கணக்கு ஒலிக்கும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார்; அங்கே இணைத்த கைபேசியில் உள்ள கணக்குதான் ஒலிக்கும்.

குரல் பிடிபடாதபோது, ஸ்பீக்கரை அமைத்த என் கணக்கே பயன்படுகிறது. என் பரிந்துரைகளில் விருந்தினர் பிள்ளைகள் கேட்ட பாடல்கள் தென்பட்டதை வைத்தே அதை அறிந்தேன். அம்மாவின் குரலையும் தங்கையின் குரலையும் ஸ்பீக்கர் சில வேளைகளில் மாற்றிக் கொள்வது மட்டும் இன்னும் தீரவில்லை.